பெரியவர்களைப் போனில் கல்யாணத்துக்கு அழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நடந்தது மகளின் கல்யாணம். தை 25, பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம், மண்டபம் தாம்பரத்தில். அழைக்க வேண்டிய பெரியவர்களில் பாதிப் பேர் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம். எல்லா வாசல்களுக்கும் போய்வர எங்களால் முடியவில்லை. போனில்தான் அழைத்தோம். அதில் சிலவற்றைச் சரியாகச் செய்தோம், ஒன்றிரண்டைக் கெடுத்தும் கொண்டோம். அதன் பிறகு உறவுக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினோம், அவர் பார்த்துவிட்டார் என்றும் தெரிகிறது. அப்படியும் "எங்களுக்குச் சொல்லவில்லை" என்கிறாரே, ஏன்?

அந்தச் "சொல்லவில்லை" என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதற்குப் பெயரே சொல்வதுதான். "மாமாவுக்குச் சொல்லியாகிவிட்டதா?", "அத்தைக்கு யார் சொல்வது?" என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். கல்யாணம் நடக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் வாயால் "நீங்கள் வர வேண்டும்" என்று அவர் காதில் விழவில்லை என்பதுதான் குறை. தெரிந்திருப்பது வேறு, சொல்லப்பட்டிருப்பது வேறு. சொல்லாத வீட்டுக்குப் போனால் அழையா விருந்தாளி ஆகிவிடுவோம் என்று எண்பது வயதுக்காரர் உண்மையிலேயே கூசுகிறார், வீம்புக்காகச் சொல்வதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்திரிகை அச்சாகி வந்த அன்றே என் மகள் ஆசையில் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாள் பேசலாம் என்று நான் வைத்திருந்த அத்தை, அன்று மாலையே பேரன் போனில் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த நாள் நான் அழைத்தபோது, "அதுதான் பத்திரிகையே வந்துவிட்டதே, இனி எனக்கு எதற்குத் தனியாக?" என்றார். பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. எனவே வரிசை இதுதான்: முதலில் குரல், பிறகு பத்திரிகை, கடைசியாகத்தான் குழு. பெரியவர்கள் பட்டியலில் கடைசிப் பெயரும் முடியும்வரை அந்தப் படம் யார் போனிலிருந்தும் வெளியே போகக்கூடாது.

யார் பேச வேண்டும்? மகளே பேசினால் போதாதா?

போதாது. பெற்றவர்கள் பேச வேண்டும், அதுவும் இருவருமாக. அப்பா வழி உறவை அப்பாவும் அம்மா வழி உறவை அம்மாவும் தொடங்குவது இயல்பு. ஆனால் பெண் வழி உறவில் ஒரு நுட்பம் இருக்கிறது. என் பெரியப்பாவை நான் மட்டும் அழைத்தால், அது வீட்டுப் பெண் ஊர்க்கதை பேசியதாகத்தான் சேரும். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையான என் கணவர் லைனில் வந்து இரண்டு வார்த்தை சொன்னால்தான் அழைப்பு. என் கணவர் போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அதற்காக விட்டுவிடவில்லை, அந்த நாலு வார்த்தைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன்.

கல்யாணப் பெண்ணோ மாப்பிள்ளையோ கடைசியில் வந்து, "தாத்தா, நீங்கள் வந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும்" என்று கேட்டால் அழகு. தொடங்குவது அவர்கள் வேலை இல்லை.

எப்போது அழைப்பது? ஒரே ஒரு தடவை பேசினால் போதுமா?

வெளியூர்ப் பெரியவர் என்றால் இரண்டு தடவை. முதலாவது தகவல், இரண்டாவது அழைப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் சங்கடம் வரும்.

தகவல் போன் முகூர்த்தம் முடிவானவுடன். அதற்கு ரயில்தான் காரணம். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் பிப்ரவரி 6 மாலை தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால்தான் 7-ஆம் தேதி காலை தாம்பரத்தில் இறங்கி, அன்று மாலை நிச்சயத்துக்கு இருக்க முடியும். அந்த டிக்கெட் டிசம்பர் 8 காலை 8 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே அவர்களிடம் பேசியிருக்க வேண்டும். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் கீழ்ப் படுக்கைக்கான மூத்தோர் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் பதிந்தால்தான் செல்லும். ஆசையாக ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டு, பெரியப்பாவை மேல் படுக்கைக்கு ஏற்றிவிடாதீர்கள். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அது இன்னும் இருக்கிறது என்று நம்பும் பெரியவர்கள் உண்டு. எனவே டிக்கெட்டை நாமே எடுத்துவிடுவதுதான் மரியாதை.

இனி அழைப்புப் போன். தைக் கல்யாணத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: பல வீடுகளில் மார்கழியில் பத்திரிகை வைப்பதில்லை. ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடி இதே வேலையைச் செய்யும். ஆக, டிசம்பர் 16-க்கு முன்பே கார்த்திகையில் அழைத்துவிட வேண்டும், அல்லது பொங்கல் கழியும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் கார்த்திகையில் தகவல் சொல்லி டிக்கெட் எடுத்தோம். மாட்டுப் பொங்கல் கழிந்த வாரத்தில் முறையாக அழைத்தோம். மூன்று வாரம்தான் இருந்தது, ஆனால் போதுமானதாக இருந்தது. டிக்கெட் கையில் இருப்பவருக்கு அழைப்பு கொஞ்சம் தாமதமானால் கோபம் வராது.

முதல் போனை இப்படி முடித்தேன்: "இது தகவல்தான் பெரியப்பா. பத்திரிகை வந்ததும் முறையாக அழைக்கிறோம்." இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், கார்த்திகையில் சொன்னதோடு சரி, அப்புறம் ஒரு வார்த்தை இல்லை என்ற பேச்சு வரும்.

நாள், நேரம் எல்லாம் போனுக்குமா பார்க்க வேண்டும்?

நீங்கள் பார்க்காதவராக இருக்கலாம். அந்தப் பக்கம் இருப்பவர் போனை எடுத்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். சுப காரியத்துக்கு அழைக்கும் போன் ராகு காலத்தில் வந்தால் நல்ல மனத்தோடு "ம்" கொட்ட முடியாது, பாவம். வெள்ளிக்கிழமைதான் பலரும் தடுக்கி விழும் நாள். நல்ல நாள் என்று நினைத்துக் குளித்து முடித்துப் பத்தே முக்காலுக்கு அழைப்பார்கள். வெள்ளி ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அன்று ஒன்பதரைக்குள் தொடங்குங்கள். புதன்கிழமை ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றரை வரை சிக்கல் இல்லை. பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம். வியாழக்கிழமை காலை முழுவதும் கிடைக்கும், ஏழரைக்கு முன் எமகண்டம் என்பதை மட்டும் தாண்டிவிட வேண்டும். செவ்வாயும் சனியும் வேண்டாம். கரிநாள், அஷ்டமி, நவமியைக் காலண்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கத்தில் இல்லாத ராகு காலங்களும் உண்டு. மதியம் ஒன்று முதல் நாலு தூக்கம், ஆறு மணிக்கு விளக்கேற்றும் நேரம், ஏழு மணிக்கு மேல் தொடர்கள். என் சித்திக்கு இந்தத் தொடர் நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தீட்டு.

முதல் போன் யாருக்கு?

குலதெய்வத்துக்கு வைத்த பிறகு, வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவருக்கு. அதன் பிறகு தாய்மாமன். சீர் கொண்டுவருகிறவரிடம் பத்தாவது ஆளாகச் சொல்லக்கூடாது. அண்ணன் தம்பிகளில் வயது வரிசை தப்பக்கூடாது, பெரியப்பா எடுக்கவில்லை என்று சித்தப்பாவுக்கு அழைத்துவிட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் சித்தப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "உங்களுக்குச் சொன்னார்களா?" என்று கேட்டிருப்பார். ஒரே தெருவில் இருப்பவர்களை ஒரே காலையில் முடித்துவிடுங்கள்.

சரியாக என்னதான் சொல்வது? எனக்குப் போனை எடுத்ததும் வாய் ஒட்டிக்கொள்கிறது.

நான் பெரியப்பாவிடம் பேசியதை அப்படியே தருகிறேன். அவருக்கு வயது 84, தென்காசியில் இருக்கிறார். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி.

"பெரியப்பா, நமஸ்காரம். நான் தாம்பரத்திலிருந்து உங்கள் தம்பி மகள் பேசுகிறேன். சாப்பிட்டாயிற்றா? மாத்திரை போட்டாயிற்றா?"

தொடக்கத்திலேயே நாம் யார் என்பதை உறவு முறையோடு சொல்லிவிட வேண்டும். "யார் என்று தெரிகிறதா, கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்று விளையாடுவது அவரைச் சோதிப்பது. குரல் அடையாளம் தெரியாமல் அவர் கூனிக் குறுகிப்போவார். பிறகு உடம்பு, முழங்கால், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று நிமிடம். இதை அவசரப்படுத்தக்கூடாது. ஆனால் அழைப்பை இதற்கு நடுவில் செருகிவிடவும் கூடாது. இடம் மாறுகிறோம் என்பது அவர் காதுக்குத் தெரிய வேண்டும்.

"பெரியப்பா, இப்போது ஒரு நல்ல விஷயத்துக்காகப் பேசுகிறேன். பெரியம்மாவும் பக்கத்தில் இருக்கிறார்களா? இரண்டு பேரும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாப்பிள்ளையும் என் பக்கத்தில்தான் இருக்கிறார்."

இந்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்வது எனக்குக் கேட்டது. நாற்காலி நகர்ந்தது.

"உங்கள் பேத்திக்கு தை 25, ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணம். தைப்பூசம் கழிந்து அடுத்த ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை மாலை நிச்சயம். நீங்களும் பெரியம்மாவும் முன்னாலேயே வந்திருந்து, கூட இருந்து நடத்திக் கொடுக்க வேண்டும். வாசலில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியது. இவருக்கு லீவு கிடைக்கவில்லை, வர முடியவில்லை. தவறாக நினைக்கக்கூடாது; நேரில் வந்து அழைத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்."

பிறகு என் கணவர்: "மாமா, நமஸ்காரம். நீங்கள் இரண்டு பேரும் அவசியம் வர வேண்டும். உங்கள் கையால்தான் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும்." நாலு வார்த்தைக்காரர் அன்று பதினான்கு பேசினார்.

பெரியப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எப்படி அம்மா வருவது, படி ஏற முடியவில்லையே" என்றார். இந்தத் தயக்கத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வருவதற்கான வழியைத்தான் அவர் கேட்கிறார். பதில் கையில் இருந்தது: "கீழ்த்தளத்திலேயே அறை எடுத்திருக்கிறது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு உங்கள் பேரன் கார் கொண்டுவருவான். பந்தியில் மேசை நாற்காலிதான்." வார்த்தையில் எவ்வளவு பணிந்தாலும், இந்த நாலு விவரம் இல்லையென்றால் அழைப்பு ஒப்புக்குச் சொன்னதாகிவிடும். மண்டபத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் போனையே எடுத்தேன்.

முடிவில்: "பத்திரிகையை மஞ்சள் தடவித் தபாலில் அனுப்புகிறேன். வந்ததும் சாமி படத்தின் முன்னால் வையுங்கள். எங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணுங்கள்." அவர் ஆசீர்வதித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவர் வைத்த பிறகு நான் வைத்தேன்.

ஒரு நுட்பம்: "முடிந்தால் வாருங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நாம் கரிசனத்தோடு சொல்கிறோம்; அவர் காதில் அது "வராவிட்டாலும் பரவாயில்லை" என்று விழுகிறது. "வாருங்கள்" என்றால் விருந்தாளி. "வந்திருந்து நடத்திக் கொடுங்கள்" என்றால் வீட்டு மனிதர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காத்திருப்பது அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு.

பெரியப்பாவிடம் சொன்னால் பெரியம்மாவுக்கும் சேர்த்துத்தானே?

இல்லை. பெரியம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவரிடமும் தனியாக ஒரு தடவை சொல்லுங்கள். அதே வீட்டில் மகனும் மருமகளும் இருந்தால் மருமகளிடமும். வயதானவர்களை அழைத்து வரப்போகிறவர் பெரும்பாலும் அந்த மருமகள்தான். அவருக்குச் சொல்லவில்லை என்றால் மூன்று பேரும் வரமாட்டார்கள். அந்த வீட்டில் கட்டிக் கொடுத்த பெண் உள்ளூரில் இருந்தால், அவர் கணவருக்குத் தனிப் போன். மாப்பிள்ளையை மாமனார் வழியாக அழைக்கும் வழக்கம் கிடையாது.

தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்காது. கத்திக் கத்திப் பேசினாலும் தேதியை மாற்றிப் புரிந்துகொள்கிறார்.

கத்தாதீர்கள். கத்தும்போது குரல் கீச்சிடும். முதுமையில் முதலில் மங்குவது அந்தக் கீச்சு ஒலிகள்தான். அடிக்குரலில், நிறுத்தி நிறுத்தி, வாக்கியத்தை முழுதாக முடித்துப் பேசினால் புரியும். தமிழ் எண்களில் ஒரு வம்பு இருக்கிறது: பதினைந்தும் இருபத்தைந்தும் ஒரே மாதிரி முடியும், முதல் பகுதி காதில் விழாவிட்டால் பத்து நாள் முன்னதாகவே வந்து நிற்பார். அதனால் தேதியை எண்ணாக மட்டும் விடாமல், கிழமையையும் பண்டிகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "தைப்பூசம் கழிந்து அடுத்த ஞாயிறு" என்றால் தவறாது. பிறகு "புரிந்ததா?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தக் கிழமைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம் தாத்தா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். அழைப்பு அவருக்கு, விவரம் வீட்டில் இளையவருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அழைப்பு வாக்கியம் மட்டும் கட்டாயம் அவர் காதில்தான்.

போனை மகன் எடுத்து, "அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்" என்கிறார்.

"நீயும் சொல், நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன்" என்று சிரித்தபடியே கேளுங்கள். அப்பா தூங்குகிறார் என்றால் எப்போது எழுவார் என்று கேட்டு, மறுபடி நீங்களே அழையுங்கள். திரும்ப அழைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடக்கூடாது. அழைக்கிற வீடு நம் வீடு. அவர் நமக்குப் போன் போட்டு அழைப்பை வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

போன வருடம் துக்கம் நடந்த வீடு. எப்படிப் பேச்சை எடுப்பது?

காரியம் முடிவதற்கு முன்னால் அழைக்க வேண்டாம். எத்தனை நாள், எத்தனை மாதம் விசேஷத்துக்குப் போகமாட்டார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதை முன்பே அந்த வீட்டு இளையவர்களிடம் விசாரித்துவிடுங்கள். பேசும்போது போனவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக நல்ல செய்திக்குத் தாவக்கூடாது. "மாமா இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து நின்றிருப்பார்" என்று நான் அம்பாசமுத்திரத்து அத்தையிடம் சொன்னேன். அவர் அழுதார், நானும் அழுதேன். அதன் பிறகுதான் அழைத்தேன். "உங்கள் வழக்கம் எப்படியோ, அதை மீறச் சொல்லவில்லை. வரலாம் என்று தோன்றினால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். வராவிட்டாலும் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்." "முடிந்தால்" என்ற சாயல் வரக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கணவரை இழந்த பெண்களிடம் இன்னொன்று. அவரையே அழைக்க வேண்டும், மகன் வழியாக வேண்டாம். "மேடைக்கு வந்து அட்சதை போட வேண்டும்" என்று சொன்னால் நெகிழ்ந்துபோவார். மண்டபத்தில் அதை உண்மையாகவே செய்யப்போகிறீர்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சம்பந்தி வீட்டாரிடம் முன்பே பேசி வைத்துக்கொண்டு, அத்தையைக் கையைப் பிடித்து மேலே ஏற்றினோம்.

ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா. போனை எடுப்பாரா?

எடுப்பார், பேசமாட்டார். பழைய கதையை நீங்கள் எடுக்காதீர்கள், விளக்கமும் வேண்டாம். "சித்தப்பா, பெரியவர் நீங்கள் இல்லாமல் நடத்த எங்களுக்கு மனம் இல்லை" என்று சொல்லிவிட்டு, நாள், இடம் மட்டும் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டால் அழைப்பு முடிந்தது. நாலு நாள் கழித்து யாராவது நடுவில் இருப்பவர் மூலம் என்ன நினைக்கிறார் என்று தெரியும். இதற்கு மட்டும் போனை நம்பாமல், எவ்வளவு தூரமானாலும் நேரில் போவதுதான் என் கட்சி.

மொய், சீர் பற்றிப் போனில் ஏதாவது சொல்லலாமா?

வாயே திறக்கக்கூடாது. "ஒன்றும் கொண்டுவர வேண்டாம்" என்பதும் சேர்த்துத்தான்.

ஒருவரை விட்டுவிட்டோம். கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது.

இன்றே அழையுங்கள், கணவன் மனைவி இருவருமாக. "வேலையில் மறந்துவிட்டோம்" என்றால் மறக்கக்கூடிய ஆள்தான் நான் என்று எடுத்துக்கொள்வார். "தவறு எங்களுடையது, நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் சொல்லி, அழைப்பை முழு முறையோடு சொல்லுங்கள். தாமதமாகிவிட்டது என்று சுருக்க வேண்டாம். குடும்பக் குழுவில் பத்திரிகையைப் பார்த்த என் அத்தையிடம், அந்தப் போனுக்கு மறுநாள் நாங்கள் இதைத்தான் செய்தோம். முதலில் "பார்க்கலாம்" என்றார். சற்று நேரம் கழித்து, "மண்டபத்தில் வெந்நீர் வருமா?" என்று கேட்டார். வருவார் என்று தெரிந்துவிட்டது.